ரீஜெனரேஷன் ஏறியபோது ஸ்டீமும் ஏன் ஏறியது?

வெப்பப் பரிமாற்றி கடத்தக்கூடிய அதிகபட்ச வெப்பத்தில் எத்தனை பங்கைக் கடத்துகிறது என்பதுதான் எஃபெக்டிவ்னெஸ். அது கூடினால் எரிபொருள் மிச்சமாகும் என்பது எங்கள் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத ஒன்று. எண் ஏறினால் நல்லது, இறங்கினால் பிளேட்டைக் கழற்றிக் கழுவு. இந்த நம்பிக்கை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொங்குப் பக்கம் ஒரு தனியார் டெய்ரியில் பார்த்த விஷயத்துக்குப் பிறகு, அந்த எண்ணை மட்டும் தனியாக யாராவது நீட்டினால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் கேட்கிறேன். இரண்டு ஓட்டங்களின் வெப்ப ஏற்பு வீதங்கள் ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதுதான் அது. பாடப்புத்தகத்தின் எஃபெக்டிவ்னெஸ் வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் தலையிலும் Cr என்று எழுதியிருக்குமே, அதேதான்.

அந்த டெய்ரியில் மணிக்கு 10,000 லிட்டர் பால் ஓடும் பாஸ்ச்சரைசர் ஒன்று இருக்கிறது. 4 டிகிரியில் வரும் பச்சைப் பாலை 72 டிகிரிக்கு ஏற்றி, ஹோல்டிங் டியூபில் 15 விநாடி வைத்து, மறுபடி 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஏற்றுவதற்கு ஸ்டீம், இறக்குவதற்கு சில்ட் வாட்டர். இரண்டுக்கும் காசு. அதனால் நடுவில் ரீஜெனரேஷன் என்று ஒரு பகுதி: சூடாகி வெளியே போகும் பால் பிளேட்டின் ஒரு பக்கம், உள்ளே வரும் குளிர்ந்த பால் மறுபக்கம், இரண்டும் எதிரெதிர்த் திசையில். பிளேட் வகைப் பரிமாற்றியே பாலுக்காகப் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் செலிக்மன் 1923-ல் அதைக் கொண்டுவந்தது பால் பதப்படுத்தத்தான். கழற்றிக் கழுவ வசதியாக இருக்க வேண்டும் என்பது முதல் தேவை.

என்னைக் கூப்பிட்டவர் ஷிப்ட் இன்சார்ஜ். "சார், ரீஜெனரேஷன் முன்ன 90 சதவீதம் இருந்துச்சு, இப்ப 94, 95 காட்டுது. ஆனா பாய்லர் ஆள் ஸ்டீம் ஒன்றரை மடங்கு போகுதுன்னு சண்டைக்கு வர்றாரு. கூலிங்கும் சரியா வரல, 4-க்கு இறங்க வேண்டிய பால் 5-ல நிக்குது" என்றார். மேலாளரோ ஸ்டீம் டிராப்பில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டார். ரீஜெனரேஷன் ஏறியிருக்கும்போது பாஸ்ச்சரைசர் எப்படி அதிக ஸ்டீம் கேட்கும்? கேள்வி நியாயமானதுதான். டிராப்பை மாற்றியும் எதுவும் மாறவில்லை.

### எது சின்னது, எது பெரியது

ஒரு ஓட்டத்தின் வெப்ப ஏற்பு வீதம் என்பது ரொம்ப எளிமையான விஷயம். விநாடிக்கு எத்தனை கிலோ ஓடுகிறதோ அதைத் தன்வெப்பத்தால் பெருக்கினால் போதும். அந்த ஓட்டத்தை ஒரு டிகிரி ஏற்றவோ இறக்கவோ எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை அது சொல்லும். இங்கே மணிக்கு 10,000 லிட்டர் பால் என்றால் விநாடிக்கு 2.86 கிலோ. பாலின் தன்வெப்பம் சுமார் 3.93. பெருக்கினால் டிகிரிக்கு 11.25 கிலோவாட் வருகிறது. ரீஜெனரேஷனில் இரண்டு பக்கமும் அதே பால், அதே அளவு. இரண்டு பக்கமும் 11.25, விகிதம் 1.

இந்த விகிதத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் நான் சூத்திரத்துக்குப் போக மாட்டேன், தெர்மாமீட்டரைக் காட்டுவேன். ஒரு பக்கம் இழக்கும் வெப்பம்தான் மறுபக்கம் வாங்கும் வெப்பம். எனவே வீதம் சின்னதாக இருக்கும் ஓட்டத்தின் வெப்பநிலை அதிகமாக மாறும், பெரிய ஓட்டத்தினுடையது குறைவாக மாறும். சின்ன ஓட்டம் 10 டிகிரி மாறும்போது பெரியது 9 டிகிரி மாறினால் விகிதம் 0.9. இரண்டும் 10 டிகிரி மாறினால் 1. ஒரு பக்கம் ஆவி குளிர்ந்து நீராகிறது என்றால் அந்தப் பக்கம் வெப்பநிலை மாறவே மாறாது, விகிதம் 0. ஃப்ளோ மீட்டர் இல்லாத இடத்திலும் நான்கு தெர்மாமீட்டரை வைத்து இந்த விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கதையில் கடைசியில் கைகொடுத்ததும் அதுதான்.

எஃபெக்டிவ்னெஸ் எப்போதும் சின்ன ஓட்டத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. எதிரோட்டத்தில் சின்ன ஓட்டம் அதிகபட்சமாக எதிர்ப்பக்கம் உள்ளே வரும் வெப்பநிலை வரை போகலாம், அதற்கு மேல் போக முடியாது. அந்த முழுத் தூரத்தில் எத்தனை பங்கு போனது என்பதுதான் எஃபெக்டிவ்னெஸ். நம் பாலுக்கு 4-லிருந்து 72 வரை 68 டிகிரி தூரம். அதில் 90 சதவீதம் என்றால் 61.2 டிகிரி. பச்சைப் பால் 65.2-க்கு ஏறும், சூட்டுப் பால் 10.8-க்கு இறங்கும். மிச்சமுள்ள 6.8 டிகிரியை ஸ்டீம் ஏற்ற வேண்டும், அது சுமார் 76 கிலோவாட். குளிர்விப்பிலும் அதே 6.8 டிகிரி, அதே 76. ரீஜெனரேஷன் இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 765 ஆகியிருக்கும்.

### விகிதம் 1 என்றால் ஏன் இத்தனை பிளேட்

எதிரோட்டத்துக்கான சூத்திரம் இது. ε என்பது எஃபெக்டிவ்னெஸ். என்.டி.யு. என்பது பிளேட்டுகளின் மொத்த வெப்பக் கடத்துதிறனைச் சின்ன வீதத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். ஓட்டத்தோடு ஒப்பிட்டால் பரிமாற்றி எவ்வளவு பெரியது என்பதை அது சொல்கிறது.

```
Cr = Cmin / Cmax
NTU = UA / Cmin
Cr < 1:  ε = (1 − e^(−NTU(1−Cr))) / (1 − Cr·e^(−NTU(1−Cr)))
Cr = 1:  ε = NTU / (1 + NTU)
```

விகிதம் 1-க்கான வரியைப் பாருங்கள். 90 சதவீதம் வேண்டுமென்றால் என்.டி.யு. 9. 95 சதவீதத்துக்கு 19. 99 சதவீதத்துக்கு 99. இதையே ஒரு பக்கம் ஆவி குளிரும் பரிமாற்றியில், அதாவது விகிதம் 0-ல் கேட்டால் 90-க்கு 2.3 போதும், 95-க்கு 3, 99-க்கு 4.6. வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. நம் பாஸ்ச்சரைசரில் பிளேட்டின் கடத்துதிறன் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 3 கிலோவாட் என்று வைத்தால் 90 சதவீதத்துக்கு 34 சதுர மீட்டர் பிளேட் வேண்டும். 95-க்கு 71. இருக்கும் பிளேட்டுகளை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஐந்தே சதவீதம்.

ஏன் இப்படி? பிளேட் நெடுக இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருக்கும் வெப்பநிலை வித்தியாசம்தான் வெப்பத்தைத் தள்ளுகிறது. விகிதம் 1 என்றால் இரண்டு பாலும் ஒரே வேகத்தில் மாறுகின்றன, கோடுகள் இணையாகப் போகின்றன. சூட்டு முனையில் 72-க்கும் 65.2-க்கும் 6.8 வித்தியாசம். குளிர் முனையில் 10.8-க்கும் 4-க்கும் அதே 6.8. நடுவில் எந்த பிளேட்டில் அளந்தாலும் 6.8தான். இப்போது 95 சதவீதம் கேட்டால் முனையில் மட்டும் வித்தியாசம் சுருங்காது, முதல் பிளேட்டிலிருந்து கடைசி வரை எல்லா இடத்திலும் 3.4 ஆகிவிடும். தள்ளும் விசையே பாதி. அதே வெப்பத்தைக் கடத்தப் பரப்பு இரு மடங்குக்கு மேல் வேண்டியிருப்பது இதனால்தான். விகிதம் குறைவான பரிமாற்றியில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரு முனை மட்டும் நெருங்கி வரும், மறுமுனையில் எப்போதும் நல்ல இடைவெளி இருக்கும். நெருங்கிய முனையில் கொஞ்சம் பிளேட் சேர்த்தாலே எண் சட்டென்று ஏறும்.

இதை வைத்துத்தான் பலரும் விகிதம் 1-ஐக் கெட்டது என்கிறார்கள். வரைபடத்தில் அதுதான் எல்லாக் கோடுகளுக்கும் கீழே கிடக்கிறது. "சார், ஒரு பக்க ஃப்ளோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் எஃபெக்டிவ்னெஸ் ஏறுமே" என்று இளம் பொறியாளர்கள் கேட்பதுண்டு. ஏறும்தான். அந்த ஏற்றத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால்தான் விஷயம் புரியும். இந்த டெய்ரியில் அந்தக் கேள்விக்குப் பதில் பிளேட்டுக்கு வெளியே இருந்தது.

### நான்கு தெர்மாமீட்டர்கள்

வழக்கமாக ஷிப்ட் பதிவேட்டில் எழுதுவது ஒரே எண்: ரீஜெனரேஷனை விட்டு வெளியே வரும் பச்சைப் பாலின் வெப்பநிலை. அதிலிருந்து 4-ஐக் கழித்து 68-ஆல் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். அன்று அது 68.3 காட்டியது. கணக்குப்படி 94.5 சதவீதம். இன்சார்ஜ் சொன்னதில் தப்பே இல்லை. சூட்டுப் பால் ரீஜெனரேஷனை விட்டு வெளியே போகும் இடத்தில் யாரும் எழுதாத இன்னொரு தெர்மாமீட்டர் இருந்தது. அது 14.2 காட்டியது.

இங்கேதான் எனக்கு விஷயம் திரும்பியது. பச்சைப் பால் 4-லிருந்து 68.3-க்கு ஏறியிருக்கிறது, 64.3 டிகிரி. சூட்டுப் பால் 72-லிருந்து 14.2-க்கு இறங்கியிருக்கிறது, 57.8 டிகிரி. இரண்டும் ஒரே அளவு பால் என்றால் இரண்டு மாற்றமும் சமமாக இருக்க வேண்டும். வகுத்தால் 0.9. அப்படியென்றால் பச்சைப் பால் பக்கம் பத்தில் ஒரு பங்கு குறைவாக ஓடுகிறது. பத்தில் ஒரு பங்கு பால் பிளேட்டுக்குள் போகாமல் வேறு எங்கோ போகிறது. ஆனால் ஹோல்டிங் டியூபில் முழு 10,000 லிட்டரும் ஓடுகிறது, ஏனென்றால் ஓட்டத்தின் அளவை நிர்ணயிக்கும் டைமிங் பம்ப் ரீஜெனரேஷனுக்குப் பிறகு இருக்கிறது, அதன் வேகம் மாறவில்லை.

இந்த அமைப்பில் பால் பிளேட்டைத் தாண்டிப் போக ஒரே வழிதான் உண்டு. காலையில் பிளாண்டைத் துவக்கும்போது சூட்டுப் பால் இன்னும் வந்திருக்காது, அப்போது பச்சைப் பாலை ரீஜெனரேஷனைச் சுற்றி நேரே டைமிங் பம்புக்கு அனுப்ப ஒரு பைபாஸ் குழாய் வைத்திருப்பார்கள். ஓட்டம் நிலைப்பட்டதும் அதன் வால்வை மூடிவிடுவார்கள். வால்வு கைப்பிடி மூடிய நிலையில்தான் இருந்தது. வால்வுக்கு முன்னால் குழாய் வியர்த்திருப்பது இயல்பு, அங்கே 4 டிகிரிப் பால் நிற்கிறது. ஆனால் வால்வுக்குப் பின்னால், சூடான குழாயோடு சேரும் இடம் வரை, காய்ந்து வெதுவெதுப்பாக இருக்க வேண்டிய குழாயும் சொட்டச் சொட்ட வியர்த்திருந்தது. கையை வைத்தால் ஜில்லென்றது. கழற்றிப் பார்த்தால் சீட் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து மடங்கியிருந்தது. மூடியும் மூடாத வால்வு.

தெர்மாமீட்டர் இருந்தது பைபாஸ் குழாய் வந்து சேர்வதற்கு முன்னால். அதனால் அது உள்ளதைத்தான் காட்டியது, ஆனால் பாதியை மட்டும். சேர்ந்த பிறகு என்ன வெப்பநிலை? ஒன்பது பங்கு 68.3-ல், ஒரு பங்கு 4-ல். கலந்தால் 61.8. முன்பு 65.2-ல் ஹீட்டருக்குப் போன பால் இப்போது 61.8-ல் போகிறது. ஸ்டீம் ஏற்ற வேண்டியது 6.8 டிகிரியிலிருந்து 10.2 ஆகிவிட்டது, 76 கிலோவாட் 114 ஆகிவிட்டது. பாய்லர்காரர் சொன்ன ஒன்றரை மடங்கு துல்லியமாக அதுதான். சூட்டுப் பாலும் 10.8-க்குப் பதிலாக 14.2-ல் கூலிங்குக்கு வந்ததால் அந்தப் பக்கமும் அதே கூடுதல் சுமை.

பிளேட் மாறவில்லை. அதே 34 சதுர மீட்டர்தான். குளிர் பக்கம் ஓட்டம் குறைந்ததால் சின்ன வீதம் 10.1 ஆனது, என்.டி.யு. 9-லிருந்து 10-க்கு ஏறியது, விகிதம் 0.9-க்கு இறங்கியது. சூத்திரத்தில் போட்டால் 0.945. வேகம் குறையும்போது கடத்துதிறனும் சற்றுக் குறையும், அதை நான் இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தாலும் எண்கள் தசமத்தில்தான் நகரும். எஃபெக்டிவ்னெஸ் நாலரைப் புள்ளி ஏறியது நிஜம். ஆனால் அது யாருடைய தூரத்தில் எத்தனை பங்கு என்றால், மெலிந்துபோன பச்சைப் பால் ஓட்டத்தின் தூரத்தில். நமக்கு வேண்டியது சூட்டுப் பாலிலிருந்து எத்தனை பங்கை மீட்டோம் என்பது. சூட்டுப் பால் இப்போது பெரிய ஓட்டம். அதிலிருந்து மீட்டது எஃபெக்டிவ்னெஸையும் விகிதத்தையும் பெருக்கினால் வருவது: 0.945 × 0.9 = 0.85. முன்பு 0.90.

இந்தப் பெருக்கலை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எதிரோட்டத்தில் விகிதம் எதுவானாலும் எஃபெக்டிவ்னெஸின் கூரை 100 சதவீதம்தான். பிளேட்டைச் சேர்த்துக்கொண்டே போனால் அதை நெருங்கலாம். ஆனால் பெரிய ஓட்டத்திலிருந்து மீட்கும் பங்குக்குக் கூரை அந்த விகிதமேதான். 0.9 என்றால் 90 சதவீதத்துக்கு மேல் என்ன செய்தாலும் முடியாது. இந்த டெய்ரிக்கு அதைப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு பால் பைபாஸில் கசிந்துகொண்டிருக்க, எல்லையில்லாத அளவு பிளேட் போட்டால் பச்சைப் பால் 72-ஐத் தொடும், கசிந்த பாலோடு கலந்ததும் 65.2-க்கு வந்து நிற்கும். கசிவில்லாமல் 34 சதுர மீட்டர் பிளேட் கொடுத்த அதே 65.2. ஒரு ரப்பர் வளையத்தின் கிழிசலை எத்தனை பிளேட் போட்டும் ஈடுகட்ட முடியாது.

### அழுக்கா, ஓட்டமா

பிளேட்டில் பால்கல் படிந்தாலும் ஸ்டீம் கூடும். அப்போது இந்த நான்கு எண்களும் வேறு மாதிரி நகரும். கடத்துதிறன் நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். என்.டி.யு. 9-லிருந்து 6.75 ஆகும், எஃபெக்டிவ்னெஸ் 87 சதவீதம். பச்சைப் பால் 63.2-ல் வெளியே வரும், சூட்டுப் பால் 12.8-ல் போகும். இரண்டு முனையிலும் வித்தியாசம் 6.8-லிருந்து 8.8-க்குச் சேர்ந்தே ஏறும். ஓட்டம் சமநிலை தவறினால் ஒரு முனை நெருங்கும், மறுமுனை விலகும். அன்று சூட்டு முனையில் 3.7, குளிர் முனையில் 10.2 இருந்தது. இரண்டு கழித்தல் போட்டால் பிளேட்டைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். பிளேட்டைத் தேவையில்லாமல் கழற்றினால் காஸ்கெட்டும் போகும், ஒரு நாள் உற்பத்தியும் போகும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சமமின்மையும் கோளாறு அல்ல. நடுவில் செபரேட்டர் இருந்து கிரீம் தனியாகப் பிரிந்து போகிற பிளாண்டில் திரும்பி வரும் பால் குறைவாகத்தான் இருக்கும், முதல் ரீஜெனரேஷனின் விகிதமும் 1-க்குக் கீழேதான் நிற்கும். அங்கே பார்க்க வேண்டியது விகிதம் 1-ஆக இருக்கிறதா என்பதை அல்ல, எடுத்த கிரீமின் அளவோடு பொருந்துகிறதா என்பதை.

வால்வு சீட்டை மாற்றியதும் பச்சைப் பால் தெர்மாமீட்டர் 68.3-லிருந்து 65-க்கு இறங்கியது. இன்சார்ஜ் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. ஸ்டீம் குறைந்ததும் சரியாகிவிட்டது. மேலாளர் அடுத்த கேள்விக்குப் போனார்: "அப்ப நிஜமாவே 95 ஆக்கணும்னா பிளேட்டை இரட்டிப்பாக்கிடலாமா?" அதற்கு எனக்கு ஒரு தயக்கம் உண்டு, அது காசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. 38 கிலோவாட் ஸ்டீமும், அதே அளவு குளிர்விப்பும் மிச்சமாகும், தினமும் பல மணி நேரம் ஓடும் பிளாண்டுக்கு அது நல்ல பணம். ஆனால் பிளேட் நெடுகப் பால் போகும் தூரம் இரு மடங்கானால் அழுத்த இழப்பும் இரு மடங்காகும். ரீஜெனரேஷனில் பதப்படுத்திய பாலின் அழுத்தம் எந்த இடத்திலும் பச்சைப் பாலைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். பிளேட்டில் ஊசித் துளை விழுந்தால் நல்ல பால் பச்சைப் பாலுக்குள் கசியட்டும், மாறாக நடக்கக் கூடாது. எதிரோட்டத்தில் குளிர் முனையில்தான் பச்சைப் பால் முழு அழுத்தத்தோடு நுழைகிறது, அதே முனையில்தான் பதப்படுத்திய பால் அழுத்தம் தேய்ந்து வெளியேறுகிறது. நீளம் கூடக்கூட அந்த முனையில் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால் முதலில் குளிர் முனையில் இரண்டு பிரஷர் கேஜ் போட்டு, இப்போது எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஒரு மாதம் குறித்து வைக்கச் சொன்னேன். பிளேட் விலைப்பட்டியல் அதற்குப் பிறகு.